லேத் ஒரு மணி நேரம், வி.எம்.சி. ஒரு மணி நேரம்

ஓர் இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்ட எவ்வளவு செலவாகிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் தொழிற்சாலைக்கு எவ்வளவு லாபம் கூடும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடை கணக்குப் பிரிவில் தயாராக இருக்கும். ‘மெஷின் ஹவர் ரேட்’ என்று அதற்குப் பெயர். தேய்மானம், வங்கித் தவணை, மின்சாரம், ஆபரேட்டர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி ஓடும் மணிகளால் வகுத்தால் அது வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கான விடை எந்தப் பேரேட்டிலும் இருக்காது. அதைக் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். பகுப்பாய்வாளர் ஒருவர் தொழிற்சாலை மேலாளருக்கு எழுதும் குறிப்பில் இந்த இரண்டாவது விடைதான் இருக்கும். மேலாளர்கள் பலருக்கு அதை முதன்முறை படிக்கும்போது எரிச்சல் வரும். தொழிற்சாலையிலேயே விலை உயர்ந்த இயந்திரத்தின் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்று அது சொல்லக்கூடும்.

கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு சிறிய மெஷின் ஷாப் போதும். பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் கோவைப் பட்டறைகளின் சாயலில் ஒன்றைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம். அங்கே இரண்டே பொருள்கள்: ஷாஃப்ட், ஃபிளேஞ்ச். மூன்று இடங்களில் வேலை நடக்கிறது: லேத், வி.எம்.சி., கிரைண்டிங். ஒரு ஷாஃப்டுக்கு லேத்தில் 6 நிமிடம், வி.எம்.சி.யில் 3 நிமிடம், கிரைண்டிங்கில் 9 நிமிடம் பிடிக்கிறது. ஃபிளேஞ்சுக்கு லேத்தில் 12, வி.எம்.சி.யில் 3, கிரைண்டிங்கில் 3. செட்டிங், நிறுத்தங்கள் எல்லாம் போக வாரத்துக்கு உண்மையில் கிடைக்கும் நேரம் லேத்தில் 160 மணி, வி.எம்.சி.யில் 64 மணி, கிரைண்டிங்கில் 120 மணி. விற்பனை விலையிலிருந்து மூலப்பொருள், வெட்டுக்கருவி, எண்ணெய் போன்று ஒவ்வோர் உருப்படிக்கும் புதிதாகக் கைவிட்டுப் போகும் செலவைக் கழித்தால் ஷாஃப்டுக்கு 180 ரூபாயும் ஃபிளேஞ்சுக்கு 210 ரூபாயும் மிஞ்சுகின்றன. மாதச் சம்பளமும் வாடகையும் தவணையும் இதில் கழிக்கப்படவில்லை. எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவை போகத்தான் போகின்றன.

ஃபிளேஞ்சில் அதிகம் மிஞ்சுகிறது என்பதால் அதையே செய்துகொண்டிருந்தால் லேத் 800 ஃபிளேஞ்சோடு தீர்ந்துவிடும். வாரத்துக்கு 1,68,000 ரூபாய் வரும். கிரைண்டிங் இயந்திரம் 80 மணி நேரம் சும்மா நிற்கும். ஷாஃப்ட் மட்டுமே செய்தால் கிரைண்டிங் 800 ஷாஃப்டில் முட்டிக்கொள்ளும். வருமானம் 1,44,000 ரூபாய். இரண்டையும் கலந்து செய்வதே நல்லது என்பது வெளிப்படை. எந்த அளவில் கலப்பது என்பதை மூன்று வரம்புகள் தீர்மானிக்கின்றன. ஷாஃப்டின் எண்ணிக்கையை x என்றும் ஃபிளேஞ்சின் எண்ணிக்கையை y என்றும் வைத்து நிமிடங்களில் எழுதினால்:

```
6x + 12y <= 9600
3x +  3y <= 3840
9x +  3y <= 7200
max  180x + 210y
```

முதல் வரி லேத், இரண்டாவது வி.எம்.சி., மூன்றாவது கிரைண்டிங். விடை 640 ஷாஃப்ட், 480 ஃபிளேஞ்ச். வாரத்துக்கு 2,16,000 ரூபாய் மிஞ்சும். லேத்திலும் கிரைண்டிங்கிலும் ஒரு நிமிடம்கூட மீதமில்லை. வி.எம்.சி. 56 மணி ஓடுகிறது, 8 மணி மீதம்.

இப்போது லேத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அந்த 60 நிமிடத்தில் 5 ஃபிளேஞ்ச் செய்யலாமே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த ஐந்துக்கும் கிரைண்டிங்கில் 15 நிமிடம் வேண்டும். அங்கே இடமில்லை. ஆகவே இரண்டு ஷாஃப்டைக் கைவிட வேண்டியிருக்கிறது. இரண்டு ஷாஃப்ட் போனால் கிரைண்டிங்கில் 18 நிமிடம் விடுபடும், லேத்திலும் 12 நிமிடம் விடுபடும். இப்போது லேத்தில் 72 நிமிடம், கிரைண்டிங்கில் 18 நிமிடம். சரியாக 6 ஃபிளேஞ்சுக்கு ஆகும் நேரம் அது. 6 ஃபிளேஞ்சில் 1,260 ரூபாய் வரவு, 2 ஷாஃப்டில் 360 ரூபாய் இழப்பு. மீதி 900 ரூபாய். லேத்தின் ஒரு மணி நேரத்துக்கு உண்மையான மதிப்பு அதுதான்.

கிரைண்டிங்கில் ஒரு மணி நேரம் கூடினால் இதே வழியில் 8 ஷாஃப்ட் கூடும், 4 ஃபிளேஞ்ச் குறையும். 1,440 வரவு, 840 செலவு, மதிப்பு 600 ரூபாய். வி.எம்.சி.யில் ஒரு மணி நேரம் கூடினால் எதுவும் மாறாது. மீதமிருந்த 8 மணி 9 மணியாகும், அவ்வளவுதான். அதன் மதிப்பு பூஜ்யம்.

அந்த வி.எம்.சி. ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கும் இயந்திரமல்ல. 64 மணியில் 56 மணி ஓடுகிறது. போய்ப் பார்ப்பவருக்கு மும்முரமாக வேலை நடப்பதாகத்தான் தெரியும். வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரம் என்பதால் அதை நிற்கவிடக் கூடாது என்ற பதற்றமும் மேலாளருக்கு இருக்கும். கணக்குப் பிரிவின் ரேட்டும் அதை ஊட்டி வளர்க்கும்: வி.எம்.சி. மணிக்கு 500 ரூபாய், கிரைண்டிங் 250, லேத் 200 என்று அங்கே எழுதியிருக்கிறது எனலாம். கணக்குப் பிரிவு எதை முதலில் வைக்கிறதோ அது குறிப்பில் கடைசியில் நிற்கிறது. இரண்டில் எதுவும் தப்பில்லை. அந்த 500 ரூபாய் ஏற்கெனவே செய்த முடிவின் செலவு. பூஜ்யம் என்பது இனிச் செய்யவிருக்கும் முடிவுக்கான விலை.

இந்த இரண்டாவது வகை விலைக்கு ‘நிழல் விலை’ என்று பெயர். சந்தையில் யாரும் அதைக் கொடுத்து வாங்குவதில்லை. பற்றாக்குறையிலிருந்து மட்டுமே அது பிறக்கிறது. நிமிடத்துக்கு மாற்றினால் லேத் 15 ரூபாய், கிரைண்டிங் 10 ரூபாய், வி.எம்.சி. பூஜ்யம். இந்த விலைகளை வைத்து ஒரு ஷாஃப்டை மதிப்பிட்டால் லேத்துக்கு 90, கிரைண்டிங்குக்கு 90, மொத்தம் 180 ரூபாய். ஃபிளேஞ்சுக்கு லேத்தில் 180, கிரைண்டிங்கில் 30, மொத்தம் 210. அவை தரும் மிச்சத்தோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போகின்றன. சிறந்த திட்டத்தில் இடம்பெறும் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படித்தான் இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். குறிப்பைச் சரிபார்க்க மேலாளருக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை, இந்தப் பெருக்கலும் கூட்டலும் போதும். இன்னொரு சோதனையும் உண்டு. 160 மணியை 900ஆலும் 120 மணியை 600ஆலும் பெருக்கிக் கூட்டினால் அதே 2,16,000 வர வேண்டும். வருகிறது.

இந்தச் சிந்தனை தொழிற்சாலைத் தளத்திலிருந்தே பிறந்தது. 1938இல் லெனின்கிராடின் ஒட்டுப்பலகை நிறுவனத்தின் ஆய்வகத்தார், 26 வயதுக் கணிதப் பேராசிரியர் லியோனித் கன்டரோவிச்சிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்கள். மரத்தைச் சீவும் எட்டு இயந்திரங்கள், ஐந்து வகை மரம், ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு வகையில் ஒவ்வொரு வேகம். எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதே கேள்வி. அவர் கண்டுபிடித்த வழி ஒவ்வொரு வரம்புக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தது. 1939இல் வெளியான தம் நூலில் அவற்றை அவர் ‘தீர்வுப் பெருக்கிகள்’ என்றார். உழைப்பே மதிப்பின் ஊற்று என்ற கோட்பாடு ஆட்சி செய்த நாட்டில், பற்றாக்குறையிலிருந்து பிறக்கும் விலை என்று சொல்வது எளிதாக இருந்திருக்காது. அவரும் ச்யாலிங் கூப்மன்ஸும் 1975இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் இதே வகைக் கணக்குகளுக்கு சிம்ப்ளெக்ஸ் முறையைத் தனியாகக் கண்டார். இன்று கணினி போடும் கணக்கு பெரும்பாலும் அவர் வழிவந்ததே.

நிழல் விலை கைக்கு வந்ததும் முதலில் மாறுவது ஆர்டர் எடுக்கும் முறை. இரண்டு விசாரணைகள் வருகின்றன என்று கொள்ளலாம். ஒன்று புஷ்: ஒன்றுக்கு 150 ரூபாய் மிஞ்சும், லேத்தில் 9 நிமிடம், கிரைண்டிங்கில் 3 நிமிடம் பிடிக்கும். மற்றது பிராக்கெட்: 75 ரூபாய்தான் மிஞ்சும், வி.எம்.சி.யில் 12 நிமிடம், லேத்தில் 2 நிமிடம். மெஷின் ஹவர் ரேட்டை வைத்துப் பார்த்தால் புஷ்ஷுக்கு இயந்திரச் செலவு 42 ரூபாய் 50 காசு, அள்ளிக்கொள்ள வேண்டிய ஆர்டர். பிராக்கெட்டுக்கு 107 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, கைநஷ்டம். நிழல் விலை வேறு விதமாகச் சொல்கிறது. புஷ் விழுங்கும் லேத் நேரம் 135 ரூபாய், கிரைண்டிங் நேரம் 30 ரூபாய், ஆக 165. அதை எடுப்பதற்காகக் கைவிட வேண்டிய ஷாஃப்டும் ஃபிளேஞ்சும் அவ்வளவு மதிப்புடையவை. ஒவ்வொரு புஷ்ஷிலும் 15 ரூபாய் நஷ்டம். பிராக்கெட் கேட்பது லேத்தில் 30 ரூபாய் மட்டும். ஒவ்வொன்றிலும் 45 ரூபாய் லாபம். ஆனால் சும்மா கிடக்கும் 8 மணி நேரம் தீரும் வரைதான், அதாவது ஏறத்தாழ 40 பிராக்கெட் வரை. அதைத் தாண்டி எடுத்தால் கணக்கு புரண்டுவிடும்.

இந்த ‘வரைதான்’ என்ற சொல் இல்லாத குறிப்பு ஆபத்தானது. லேத்துக்கு மணிக்கு 900 ரூபாய் என்றதும் மேலாளர் இன்னொரு லேத் வாங்கப் புறப்பட்டுவிடலாம். 900 ரூபாய் என்பது அடுத்த ஒரு மணிக்கான விலை. அது 40 மணி நேரம் நீடிக்கிறது. லேத் 200 மணியைத் தொடும்போது திட்டம் 560 ஷாஃப்ட், 720 ஃபிளேஞ்ச் என்று ஆகியிருக்கும். அப்போது வி.எம்.சி.யின் 64 மணியும் தீர்ந்துபோகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரம் லேத்தைக் கூட்டினால், வி.எம்.சி.யில் இடமில்லாததால் ஒரு ஃபிளேஞ்சுக்கு ஒரு ஷாஃப்டைக் கொடுத்தே தீர வேண்டும். 10 ஃபிளேஞ்ச் கூடும், 10 ஷாஃப்ட் குறையும், மிஞ்சுவது 300 ரூபாய். 900 ஒரேயடியாக 300 ஆகிவிடுகிறது. அதே கணத்தில் கிரைண்டிங்கில் நேரம் மிஞ்சத் தொடங்குவதால் அதன் விலை 600இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது. பூஜ்யமாக இருந்த வி.எம்.சி. மணிக்கு 3,000 ரூபாய்க்கு ஏறுகிறது. கடைக்கோடியில் இருந்த இயந்திரம் ஒரே நாளில் மிக அரிய இயந்திரமாகிறது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

ஓவர்டைம் முடிவுக்கு இந்த எல்லைதான் வழிகாட்டி. மிகை நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் இரு மடங்கு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அதையும் மின்சாரத்தையும் சேர்த்து லேத்தில் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 350 ரூபாய் கூடுதலாகப் போகிறது என்றால், மணிக்கு 200 என்ற ரேட்டைப் பார்க்கும் கணக்கர் வேண்டாம் என்பார். குறிப்பு வேண்டும் என்கிறது, ஆனால் 40 மணி நேரம் வரை. 41ஆவது மணியில் வரவு 300, செலவு 350. அங்கே நிறுத்த வேண்டும். வி.எம்.சி.யிலோ முதல் மணியே வீண்.

செட்டிங் நேரத்தைக் குறைப்பதற்கும் இதே கணக்குத்தான். லேத்தில் ஒரு ஜாபிலிருந்து இன்னொரு ஜாபுக்கு மாறும் நேரத்தில் வாரத்துக்கு 8 மணி மிச்சம் பிடித்தால் வாரம் 7,200 ரூபாய் கூடும். அதே திறமையை, அதே உழைப்பை வி.எம்.சி.யில் செலவிட்டால் சும்மா நிற்கும் நேரம்தான் கூடும். புது இயந்திரத்துக்கு ஃபிக்ஸ்ச்சர் செய்வதில் பொறியாளர்களுக்கு எப்போதுமே ஆர்வம் அதிகம். பழைய லேத்தின் ஜாவை மாற்றுவதில் யாருக்கு ஆர்வம் வரும்!

பூஜ்யம் என்பதைப் பராமரிப்பு வேண்டாம் என்று படிப்பது இன்னொரு தவறு. வி.எம்.சி. பழுதாகி வாரத்தில் 10 மணி நேரம் நின்றால் முதல் 8 மணிக்கு இழப்பில்லை, ஏனென்றால் அது மீதம் இருந்த நேரம். ஒன்பதாவது, பத்தாவது மணி ஒவ்வொன்றும் 3,000 ரூபாயைக் கொண்டுபோகும். மிச்சம் 2,16,000இலிருந்து 2,10,000 ஆகிவிடும். மேலும் கணக்கு வாரக் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறது, வரிசையைப் பார்ப்பதில்லை. ஷாஃப்ட் லேத்திலிருந்து வி.எம்.சி.க்குப் போய்ப் பிறகே கிரைண்டிங்குக்கு வருகிறது. வி.எம்.சி. திங்கட்கிழமை நான்கு மணி நேரம் நின்று, கிரைண்டிங்குக்கு முன்னால் வேலைக்குக் காத்திருக்கும் ஷாஃப்ட் கையிருப்பில் இல்லை என்றால், கிரைண்டிங்கும் நிற்கும். அந்த நேரம் வெள்ளிக்கிழமை வி.எம்.சி. சும்மா நிற்பதால் திரும்பி வராது. பூஜ்ய விலை செல்லுபடியாக, அரிய இயந்திரத்தின் முன்னால் சில மணி நேரத்துக்கு வேண்டிய உருப்படிகள் எப்போதும் இருக்க வேண்டும்.

அரிய இயந்திரம் எது என்பதைக் கணக்கில்லாமலே தளத்தில் கண்டுபிடிக்க முடியுமா? பழைய கைப்பழக்கம் ஒன்று உண்டு: எந்த இயந்திரத்தின் முன்னால் முடியாத வேலை குவிந்து கிடக்கிறதோ அதுதான். பாதி உண்மை. முந்தைய இயந்திரத்தில் பெரிய பெரிய லாட்டாக ஓட்டி ஒரே நேரத்தில் தள்ளிவிட்டாலும் குவியும். நாள் முழுக்கக் குவியல் குறையாமல் இருந்து, வாரக் கடைசியிலும் தீராமல் இருந்தால்தான் அது பற்றாக்குறையின் அடையாளம். இரண்டு இயந்திரங்கள் ஒருசேர அரிதாக இருக்கும்போது, எது எவ்வளவு அரிது என்பதைக் குவியல் சொல்லாது. லேத்துக்கு 900, கிரைண்டிங்குக்கு 600 என்ற வேறுபாட்டைக் கணக்கு மட்டுமே காட்டும்.

மேலாளர்கள் செய்யும் இன்னொரு குறுக்குவழி 2,16,000 ரூபாயை 160 லேத் மணிகளால் வகுப்பது. மணிக்கு 1,350 ரூபாய் வரும். அந்த எண்ணுக்கு இந்த முடிவுகளில் எந்த வேலையும் இல்லை. கிரைண்டிங் ஈட்டித்தந்த பங்கையும் அது லேத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட வேகமாக இந்த விலைகளைக் கவிழ்ப்பது சந்தை. ஃபிளேஞ்சை எவ்வளவு செய்தாலும் வாங்குவார்கள் என்று இதுவரை எண்ணியிருந்தோம். திட்டத்தில் 480 இருக்க, ஆர்டர் வாரத்துக்கு 400ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? 400 ஃபிளேஞ்சோடு கிரைண்டிங்கில் சுமார் 667 ஷாஃப்ட் முடியும். லேத் அப்போது 147 மணியில் வேலையை முடித்து 13 மணி சும்மா நிற்கும். நேற்றுவரை 900 ரூபாயாக இருந்த லேத் மணி இன்று பூஜ்யம். கிரைண்டிங் மணி 600இலிருந்து 1,200ஆக இரட்டிக்கிறது. இயந்திரங்கள் அதே, ஆட்கள் அதே, நிமிடங்களும் அதே. 80 ஃபிளேஞ்ச் ஆர்டர் மட்டும் போனது. இந்த நிலையில் விற்பனைப் பிரிவு கொண்டுவரும் ஒவ்வொரு ஃபிளேஞ்ச் ஆர்டருக்கும் ஒரு நிழல் விலை உண்டு: ஒன்றுக்கு 150 ரூபாய். மூன்று ஃபிளேஞ்சுக்கு ஒரு ஷாஃப்டை விட்டுக்கொடுத்தால் 630 வரவு, 180 செலவு, மீதி 450 ரூபாய் என்பதிலிருந்து அது வருகிறது. விற்பனையாளருக்கு எவ்வளவு கமிஷன் கொடுக்கலாம், விலையில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு அதுவே மேல்வரம்பு.

நடைமுறையில் பொருள்கள் இரண்டாக இருக்காது, ஐம்பதாக இருக்கலாம். கையால் முடியாது. எக்செல் மென்பொருளின் Solver கருவி இந்தக் கணக்கைப் போட்டு, முடிவில் ஒரு Sensitivity Report தரும். அதில் ‘Shadow Price’ என்ற பத்தியில் மேலே சொன்ன விலைகள் இருக்கும். பக்கத்திலேயே ‘Allowable Increase’, ‘Allowable Decrease’ என்ற இரண்டு பத்திகளில் அந்த விலை செல்லுபடியாகும் எல்லை இருக்கும். லேத்துக்கு 40 மணி மேலே, 80 மணி கீழே. கிரைண்டிங்குக்கும் அதே 40, 80. குறிப்பு எழுதுபவர் பல நேரம் முதல் பத்தியை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார். மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். உருப்படிகள் முழு எண்ணாகவே வர வேண்டும் என்று கணினிக்குக் கட்டளை இட்டால் இந்த அறிக்கைக்குப் பொருளில்லாமல் போய்விடும். வாரம் நூற்றுக்கணக்கில் செய்யும் உருப்படிகளில் அந்தக் கட்டளை தேவையில்லை, விடையைத் தோராயமாக்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று நான்கு பெரிய பாகங்கள் மட்டும் செய்யும் இடங்களில் அப்படி முடியாது. அங்கே ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் கணக்கை மீண்டும் ஓட்டி வித்தியாசத்தைப் பார்ப்பதே வழி.

குறிப்பின் ஆயுள் அதில் உள்ள எண்களின் ஆயுள்தான். ஆர்டர் அளவு மாறும்போதும், கம்பியின் விலை ஏறி மிச்சம் குறையும்போதும், ஒரு வேலையின் நிமிடம் மாறும்போதும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த நிமிடங்களையும் ரூட் கார்டில் எழுதியிருப்பதிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே பெரும்பாலும் இயந்திரம் வெட்டும் நேரம் மட்டுமே இருக்கும். உருப்படியை மாட்டிக் கழற்றும் நேரமும் அளவு பார்க்கும் நேரமும் விட்டுப்போயிருக்கும். ஃபிளேஞ்சுக்கு 12 நிமிடம் என்று கார்டு சொல்லி, தளத்தில் 14 நிமிடம் பிடித்தால் 480 ஃபிளேஞ்சில் வாரத்துக்கு 16 மணி லேத் நேரம் காணாமற்போயிருக்கும். திட்டம் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் இழுக்கிறது என்பதற்கு முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.